அஞ்சு கிலோ மலைப்பூண்டு 560 ரூபாய்: ஒரு விலைத் தவறும் 22 ரத்துகளும்

கொடைக்கானலில் நாங்கள் நடத்துவது சின்னக் கடை. பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து விவசாயிகளிடம் மலைப்பூண்டு வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு இணையத்தில் விற்கிறோம். பாதிக்கு மேல் ஒரு பெரிய சந்தைத் தளம் வழியாகப் போகிறது, மீதி எங்கள் சொந்தத் தளத்தில். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர் கூடியது. போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, அந்தப் பூண்டின் விலையை நாங்களே தவறாக ஏற்றிவிட்டோம். அதற்குப் பிறகு என்ன செய்தோம், எதில் சரியாக நடந்தோம், எதில் கோட்டைவிட்டோம் என்பதை எழுதிவைக்கிறேன்.

தவறைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. ஞாயிறு காலை 11.20 மணிக்குக் கரூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மூன்று வருடமாக வாங்குபவர்.

"தம்பி, அஞ்சு கிலோ ஐநூத்தி அறுபதுன்னு போட்டிருக்கு. ஒரு கிலோ விலையத்தானே மாத்திப் போட்டிருக்கீங்க? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கேட்டுக்குவோம்னுதான் கூப்பிட்டேன்."

எங்களிடம் ஒரு கிலோ பாக்கெட்டின் விலை 560 ரூபாய், அஞ்சு கிலோ 2,700. பக்கத்தைத் திறந்தேன். அந்த அம்மா சொன்னது அப்படியே இருந்தது. அதற்குள் 61 ஆர்டர் வந்து நின்றது. சாதாரணமாக ஒரு சனிக்கிழமை ராத்திரிக்குப் பத்து வந்தால் பெரிது.

தவறு எப்படி நுழைந்தது

எங்கள் விலைக் கோப்பில் நான்கு அளவுகள் இருந்தன: 250 கிராம் 160 ரூபாய், 500 கிராம் 300, ஒரு கிலோ 560, அஞ்சு கிலோ 2,700. அன்றைக்குப் புதிதாக 100 கிராம் பாக்கெட் ஒன்றை 70 ரூபாய்க்குச் சேர்க்க வேண்டியிருந்தது. கோப்பைப் பார்த்துக்கொள்வது அக்கா மகன். அவன் அளவையும் எம்.ஆர்.பி.யையும் கடைசி வரிசைக்குக் கீழே சேர்த்தான். விலைப் பத்தியில் எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக இருப்பதைப் பார்த்ததும், 70-ஐ மேலே செருகினான். அப்படிச் செருகும்போது முழு வரிசையும் நகரவில்லை, அந்த ஒரு பத்தி மட்டும் ஒரு கட்டம் கீழே இறங்கியது.

விளைவாக 250 கிராமுக்கு 70 ரூபாய், 500 கிராமுக்கு 160, ஒரு கிலோவுக்கு 300, அஞ்சு கிலோவுக்கு 560 என்று ஆனது. கடைசியில் இருந்த 100 கிராமுக்கு 2,700 வந்து உட்கார்ந்தது. எந்தக் கட்டமும் காலியாக இல்லாததால், ஒரு பார்வையில் கோப்பு சரியாகத்தான் தெரியும்.

எச்சரிக்கை ஒன்று வந்தது. சந்தைத் தளத்தில் எம்.ஆர்.பி.க்கு மேல் விலை வைக்க முடியாது. அதனால் 100 கிராம் வரிசையை அது ஏற்கவில்லை. பதிவேற்ற அறிக்கையில் ஐந்து வரிசையில் நான்கு வெற்றி, ஒன்று பிழை என்று இருந்தது. பையன் அதைப் பார்த்தான். புது அளவுதானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். நானாக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பேன். பிழை காட்டிய வரிசையை அப்போதே திறந்து, 100 கிராமுக்கு ஏன் 2,700 என்று ஒரு முறை கேட்டிருந்தால், ராத்திரி 9.45-க்கே விஷயம் முடிந்திருக்கும். பதிவேற்றம் நடந்தது 9.40-க்கு.

எம்.ஆர்.பி. பத்தி நகராமல் சரியாக நின்றதுதான் இன்னொரு கெடுதல். அதனால் பக்கத்தில் 2,700 அடிக்கப்பட்டு 560 என்று, 79 சதவிகிதத் தள்ளுபடி போலத் தெரிந்தது. ஒரு கிலோ பாக்கெட்டில் 46 சதவிகிதம். தள்ளுபடிகளைப் பகிரும் ஒரு டெலிகிராம் குழுவில் ராத்திரி யாரோ இணைப்பைப் போட்டுவிட்டதாகப் பிறகு ஒரு வாடிக்கையாளரே சொன்னார்.

முதல் ஒரு மணி நேரம்

விலையைத் திருத்தத்தான் கை முதலில் போகும். அதைச் செய்யாமல் எல்லா அளவுகளின் இருப்பையும் பூஜ்யமாக்கினோம். புது விலை சந்தைத் தளத்தில் எல்லா இடத்திலும் பரவச் சில நிமிடம் ஆகும், அந்த இடைவெளியிலும் ஆர்டர் விழும். இருப்பு இல்லையென்றால் வாங்கும் பொத்தானே இருக்காது. அதோடு, அவசரத்தில் விலையைத் திருத்தப் போய் இரண்டாவது தவறு செய்யும் ஆபத்தும் இல்லை.

அடுத்து, பக்கத்தில் தவறான விலை இன்னும் தெரியும்போதே படம் பிடித்துக்கொண்டோம். ஆர்டர் பட்டியலை இறக்கினோம். தவறான கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் வைத்தோம். பிறகு யாராவது கேட்டால் நடந்ததைக் காட்ட இவைதான் இருக்கும். தவறு செய்தவன் வெட்கத்தில் முதலில் அழிப்பது அந்தக் கோப்பைத்தான். நல்லவேளை, பையன் அழிக்கவில்லை.

கூரியர் வண்டி சாயங்காலம் 4 மணிக்கு வத்தலக்குண்டுக்கு இறங்கும். பாக்கெட் கட்டுபவரிடம், எதிலும் கை வைக்க வேண்டாம் என்று சொன்னோம். அதற்குள் ஒரு ஆர்டர் தாண்டிப் போயிருந்தது. சொந்தத் தளத்தில் வந்த அஞ்சு கிலோ ஆர்டர் ஒன்றுக்கு முகவரிச் சீட்டு அச்சாகி, "உங்கள் பொருள் அனுப்பப்பட்டது" என்ற செய்தி தானாகவே போய்விட்டது. மூட்டை இன்னும் கடையில்தான் இருந்தது. அந்த ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எதை அனுப்புவது, எதை ரத்து செய்வது

61 ஆர்டரையும் அளவுவாரியாகப் பிரித்தோம். 250 கிராம் 9 ஆர்டர், 500 கிராம் 12, ஒரு கிலோ 17. இவற்றில் ஒரு கிலோவில் மட்டும் இரண்டு பேர் இரண்டிரண்டு எடுத்திருந்தார்கள். மீதி 23 ஆர்டர் அஞ்சு கிலோ பாக்கெட்டுக்கு, மொத்தம் 41 பாக்கெட். அதாவது 205 கிலோ. எங்கள் பரணில் அன்று இருந்ததே 90 கிலோதான்.

பூண்டு எங்களுக்கு அப்போது கிலோ 400 ரூபாய்க்கு அடங்கியது. பாக்கெட் செலவைச் சேர்த்து, தளத்தின் கமிஷனை விட்டுவிட்டுப் பார்த்தால், தவறான விலையில் 250 கிராமுக்கு 42 ரூபாய் நட்டம், 500 கிராமுக்கு 52, ஒரு கிலோவுக்கு 115. டெலிவரி கட்டணம் தனி என்பதால் அது இந்தக் கணக்கில் இல்லை. மூன்று சின்ன அளவுகளையும் சேர்த்தால் 3,187 ரூபாய். அஞ்சு கிலோவிலோ ஒரு பாக்கெட்டுக்கு 1,480 ரூபாய் நட்டம், 41 பாக்கெட்டுக்கு 60,680.

இந்தக் கணக்கைப் போடும் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ரத்து செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரே தவறு, ஒரே தீர்வு என்பது நியாயம் போலத் தோன்றியது. ஆனால் வாங்கியவர் பக்கமிருந்து பார்த்தால் இவை இரண்டு வேறு விஷயங்கள். மலைப்பூண்டு ஒரு கிலோ 300 ரூபாய் என்பதை எவரும் நம்பலாம். தீபாவளிச் சலுகை என்று நினைப்பார்கள். அப்படி நினைத்து ஒரு பாக்கெட் வாங்கியவரிடம், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு வாயில்லை. அஞ்சு கிலோ விலை கிலோவுக்கு 112 ரூபாய் ஆகிறது. அதே பக்கத்தில் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு கிலோ 300 என்று தெரியும். அந்தக் கணக்கு பொருந்தவில்லை என்பது கரூர் அம்மாவுக்குப் போனைக் கையில் எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

ஆகவே சின்ன அளவுகள் 38 ஆர்டரையும் அந்த விலைக்கே அனுப்புவது என்று முடிவு செய்தோம். வாங்கியவர்களுக்குத் தவறு நடந்ததைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நாம் பெருந்தன்மை காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அஞ்சு கிலோவுக்கு ஒரு நடுவழி யோசித்தோம். சின்ன ஆர்டர்களுக்குப் போக மீதிப் பூண்டில் 12 பாக்கெட் கட்டலாம். முதலில் வாங்கியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்கலாமா? வேண்டாம் என்று விட்டோம். நேரப் பட்டியலைப் பார்த்தால் முதலில் வந்தவர்களில் பலர் அந்தக் குழுவிலிருந்து பாய்ந்து வந்தவர்கள், காலையில் எழுந்து சாதாரணமாகத் தேடி வந்தவர்கள் பின்னால் இருந்தார்கள். வரிசை முறை இங்கே நியாயத்தை அளக்கவில்லை. பணமும் ஒரு காரணம்தான், மறைப்பதற்கில்லை: 12 பாக்கெட் என்றால் 17,760 ரூபாய்.

இன்னொரு யோசனை வந்தது. அதைச் சொன்னவர் எனக்கு வேண்டியவர், பெயர் வேண்டாம். வடுகபட்டிச் சந்தையில் மலிவான பூண்டு வாங்கி அஞ்சு கிலோ ஆர்டரை எல்லாம் நிரப்பிவிடு, நட்டம் குறையும் என்றார். குறையும்தான். ஆனால் மலைப்பூண்டு என்று எழுதி சமவெளிப் பூண்டை அனுப்பினால், உரித்துப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். விலையைத் தவறாகப் போட்ட கடை என்ற பெயர் சில நாளில் போய்விடும், போலிப் பூண்டு விற்ற கடை என்ற பெயர் போகாது. அது எங்கள் பெயரோடு நிற்கவும் செய்யாது, பூம்பாறை விவசாயியின் குறியீட்டையும் கெடுக்கும்.

சரி, அந்த "அனுப்பப்பட்டது" ஆர்டர். எங்கள் சொந்தத் தளத்தின் விதிகளில், ஆர்டர் உறுதிச் செய்தி என்பது ஆர்டர் கிடைத்ததற்கான ரசீது மட்டுமே, பொருளை அனுப்பியதாகத் தெரிவிக்கும்போதுதான் விற்பனையை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறது. இந்த வரி மற்ற ஆர்டர்களில் எங்களுக்குச் சாதகம். அப்படியென்றால் இந்த ஒன்றில் அது வாங்கியவருக்குச் சாதகம். மூட்டை கடையில்தான் இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று பேசலாம். ஆனால் ஒரே வரியை வேண்டும்போது காட்டி, வேண்டாதபோது மறைக்க முடியாது. அதை அனுப்பினோம். 1,480 ரூபாய் போனது.

சட்டம் எந்த அளவுக்குத் துணை

பொதுவாக, கடையிலோ பக்கத்திலோ விலையோடு பொருளைக் காட்டுவது வாங்க வரும்படி அழைப்பதாகத்தான் கருதப்படும். வாங்குபவர் ஆர்டர் போடுவதே முன்மொழிவு, விற்பவர் ஏற்றால் ஒப்பந்தம். ஏற்காத வரை மறுக்கலாம். ஏற்றுவிட்ட பிறகு நிலைமை கடினம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, இரு தரப்பும் ஒரு முக்கிய உண்மையைப் பற்றித் தவறாக நினைத்திருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 22-ஆவது பிரிவு, ஒரு தரப்பு மட்டும் தவறாக நினைத்தது என்ற காரணத்தால் மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. விலையைத் தவறாகப் போட்ட விற்பனையாளர் நிற்பது இந்த இரண்டாவது பிரிவின் நிழலில்.

அங்கே முக்கியமாகிற கேள்வி, தவறு என்று எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்ததா என்பது. இதற்கு வெளிநாட்டு வழக்கு ஒன்று பொருத்தமானது. 2003 ஜனவரியில் சிங்கப்பூரில் 3,854 டாலர் விலையுள்ள லேசர் அச்சுப்பொறி 66 டாலர் என்று ஒரு தளத்தில் ஏறிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து 1,606 பொறிகளை ஆர்டர் செய்தார்கள். 2004-இல் நீதிமன்றம், தவறு என்று தெரிந்தே அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்று கூறி ஒப்பந்தம் செல்லாது என்றது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. இந்திய நுகர்வோர் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் எத்தனை எண்ணிக்கை வாங்கினார் என்பது, வாங்கியவர் மனதில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியாகிறது என்பதை அதில் பார்க்கலாம்.

எங்கள் விஷயத்தில் எங்களுக்கு எதிரான சாட்சியும் இருந்தது. 79 சதவிகிதத் தள்ளுபடி என்று பக்கமே எழுதிக் காட்டியது. "நீங்களே தள்ளுபடி என்று விளம்பரம் செய்தீர்கள்" என்று ஒருவர் சொன்னால் பதில் சுலபமில்லை. அதனால் சட்டம் எங்கள் பக்கம் என்ற தொனியில் யாரிடமும் பேசக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

ரத்துக்கான சொற்கள்

இருபத்திரண்டு ஆர்டரை ரத்து செய்ய வேண்டும். 14 சந்தைத் தளத்தில், 8 சொந்தத் தளத்தில். பையன் இரண்டு குறுக்குவழி சொன்னான்.

"மாமா, ஸ்டாக் இல்லன்னு காரணம் போட்டுரலாம். யாரும் கேக்க மாட்டாங்க. இல்லன்னா ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு அவங்களையே கேன்சல் பண்ணச் சொல்லிரலாம், நம்ம கணக்குல ஏறாது."

இரண்டாவதைப் பலரும் செய்கிறார்கள். வாங்கியவரே ரத்து செய்தால் விற்பவரின் ரத்து விகிதத்தில் அது சேராது என்பது உண்மை. ஆனால் அப்படிக் கேட்பதே தள விதிக்கு எதிரானது. பதினான்கு பேரில் ஒருவர் அந்த உரையாடலைப் படம் பிடித்துப் புகார் செய்தால் விலைத் தவறு மறைந்து, விதிமீறல்தான் பெரிதாகும். முதல் வழி பொய். அடுத்த நாளே சரியான விலையில் அதே பாக்கெட் விற்பனைக்கு வரும்போது அது வெளுத்துவிடும். ரத்துக் காரணப் பட்டியலில் விலைத் தவறு என்று ஒரு தேர்வே இருக்கிறது. அதைத்தான் போட்டோம்.

ரத்து செய்ததும் தளம் தானாக ஒரு வறண்ட அறிவிப்பை அனுப்பும். அதற்கு முன் எங்கள் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று பார்த்துக்கொண்டோம். பையன் எழுதிய முதல் வரைவு "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்கியது. தவிர்த்திருக்கக்கூடிய காரணம்தானே! கடைசியில் மதியம் 1.15-க்குப் போனது இது:

"வணக்கம். நீங்கள் வாங்கிய 5 கிலோ மலைப்பூண்டின் விலையை நாங்கள் தவறாகப் பதிவிட்டுவிட்டோம். சரியான விலை 2,700 ரூபாய். பக்கத்தில் 560 என்று இருந்தது. இது எங்கள் கோப்பில் நடந்த தவறு. அந்த விலைக்கு எங்களால் அனுப்ப முடியாது என்பதால் உங்கள் ஆர்டரை இன்று மாலை 4 மணிக்குள் ரத்து செய்கிறோம். நீங்கள் கட்டிய தொகை, டெலிவரி கட்டணம் உட்பட, முழுவதும் திரும்ப வரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மன்னிக்கவும்."

இதில் இரண்டு விலையும் இருப்பது வேண்டுமென்றே. எண்களைப் பார்த்தால் வாங்கியவருக்கே விஷயம் புரிந்துவிடும், நாம் வாதாட வேண்டியதில்லை. மதிப்புரை எதுவும் போடாதீர்கள் என்றோ, அடுத்த முறை சொந்தத் தளத்தில் வாங்குங்கள் என்றோ ஒரு சொல் இல்லை. சந்தைத் தளத்தின் செய்திப் பெட்டியில் அப்படி எழுதுவதும் விதிமீறல்.

சொந்தத் தளத்தின் எட்டுப் பேருக்குக் கூடுதலாக ஒரு வரி சேர்த்தோம்: விரும்பினால் ஒரு கிலோ பாக்கெட்டை, அன்று மற்றவர்கள் வாங்கிய 300 ரூபாய்க்கே தருகிறோம். ஐந்து பேர் எடுத்துக்கொண்டார்கள். சந்தைத் தளத்தின் பதினான்கு பேருக்கு இதைக் கொடுக்க வழியில்லை. குறிப்பிட்ட வாங்குபவருக்கு மட்டும் சலுகை தர அங்கே இடமில்லை, வெளியே அழைக்கவும் முடியாது. அவர்களுக்கு மன்னிப்பும் பணமும் மட்டும் போனது. எட்டுப் பேருக்கு ஒரு நீதி, பதினான்கு பேருக்கு ஒரு நீதி என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பணத்தைத் திருப்புவதில் ஒரு சிறு நடைமுறை. எட்டில் ஆறு பேர் முன்கூட்டிக் கட்டியவர்கள். பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில்தான் திருப்பினோம். அவசரத்துக்கு எங்கள் போனிலிருந்து யுபிஐ-யில் போட்டால் வேகமாகப் போகும். ஆனால் கட்டணச் சேவையின் கணக்கில் ஆர்டர் இன்னும் பணம் பெற்றதாகவே நிற்கும், பிறகு இரண்டு முறை திருப்பிவிட்ட கதையாகிவிடும். யுபிஐ-யில் கட்டியவர்களுக்கு 12 இலக்க RRN எண்ணையும் அனுப்பினோம், வங்கியில் கேட்க அதுதான் உதவும். கார்டில் கட்டியவர்களிடம் ஐந்திலிருந்து ஏழு வேலைநாள் ஆகலாம் என்று முன்பே சொல்லிவிட்டோம். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் "பணத்தையும் சுருட்டிவிட்டார்கள்" என்று மதிப்புரை வரும். டெலிவரியின்போது பணம் தருவதாகச் சொன்ன இரண்டு பேருக்குத் திருப்ப எதுவும் இல்லை, அவர்களுக்குச் செய்தி மட்டும் அனுப்பினோம்.

பன்னிரண்டு பாக்கெட்காரர்

சொந்தத் தளத்தில் மதுரையிலிருந்து ஒருவர் 12 பாக்கெட், 6,720 ரூபாய் கட்டி வாங்கியிருந்தார். செய்தி போன பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"பணம் வாங்கியாச்சு, ஆர்டர் கன்பர்ம்னு மெசேஜ் வந்தாச்சு. இப்ப இல்லங்கிறீங்க. நான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்."

"போகலாங்க, உங்க உரிமை. தப்பு எங்களோடதுதான். ஆனா அறுபது கிலோவ அந்த விலைக்குக் கொடுக்க எங்களால முடியாது. பணம் திரும்ப வர்ற நம்பர் இப்ப அனுப்புறேன்."

அவர் மளிகை வியாபாரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. மறுவிற்பனைக்கு வாங்குபவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆக மாட்டார். எனக்கு அது அப்போதே தெரியும், நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் பேச்சு பணத்திலிருந்து மானத்துக்கு மாறிவிடும். அவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தார். அது எங்களிடம் வந்தது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இணையக் கடைகளுக்குச் சொல்வது, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது. நாங்கள் அன்றைக்கே பதில் கொடுத்தோம்: தவறான பக்கத்தின் படம், சரியான விலை இருந்த பழைய கோப்பு, எங்கள் செய்தியின் நேரம், பணம் திருப்பிய எண். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவைத்த படங்கள் அங்கேதான் பயன்பட்டன. அதன்பின் அவர் தொடரவில்லை.

தளக் கணக்கில் விழுந்த அடி

எங்கள் சந்தைத் தளத்தில் விற்பவரே செய்யும் ரத்து, ஏழு நாள் ஆர்டரில் 2.5 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வாரம் அங்கே 190 ஆர்டர். 14 ரத்து என்றால் 7 சதவிகிதத்துக்குச் சற்று மேல். வரம்பை உடைத்தாயிற்று. அன்று அங்கே வந்த 40 ஆர்டரையும் ரத்து செய்திருந்தால் 21 சதவிகிதம் ஆகியிருக்கும். 7 என்பது விளக்கம் கேட்கும் எண், 21 என்பது கணக்கை நிறுத்தும் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஆர்டர்களுக்குக் கொடுத்த 3,187 ரூபாயில் பெரும்பகுதி இதற்கான விலை.

அவர்கள் கேட்கும் வரை காத்திராமல், திங்கள் காலை நாங்களே உதவிப் பிரிவுக்கு எழுதினோம். என்ன நடந்தது, எத்தனை ஆர்டரை மதித்தோம், எத்தனையை ரத்து செய்தோம், மறுபடி நடக்காமல் என்ன மாற்றினோம், அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து எச்சரிக்கை ஒன்று வந்தது, கணக்கு நிற்கவில்லை. ஏழு நாள் கடந்ததும் விகிதம் பழைய நிலைக்கு இறங்கியது.

ஒற்றை நட்சத்திர மதிப்பீடு மூன்று வந்தன. இவை வேறு ஒரு கணக்கில் சேரும்: 60 நாள் ஆர்டரில் குறைபாடு 1 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் காலத்தில் ஏறக்குறைய 1,275 ஆர்டர், அதில் மூன்று என்பது கால் சதவிகிதம்கூட இல்லை. எண்ணில் ஆபத்து இல்லை, ஆனால் புதிதாக வருபவர் கண்ணில் படுவது அந்த மூன்றுதான். அவற்றை நீக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அவர்கள் எழுதியது நடந்ததுதான். "விலை போட்டு ஏமாத்துறாங்க" என்ற மதிப்புரைக்கு மட்டும் ஒரே ஒரு பதில் போட்டோம்: 2,700-ஐ 560 என்று நாங்கள் தவறாகப் போட்டது, எப்போது தெரிவித்தோம், பணம் எந்தத் தேதியில் திரும்பியது. அவர் திரும்பவும் காரசாரமாக எழுதினார். அதற்குப் பதில் போடவில்லை.

இப்போது கோப்பில் இருப்பது

மொத்தச் செலவு: சின்ன ஆர்டர்கள் 3,187, அனுப்பிவிட்ட அஞ்சு கிலோ 1,480, பிறகு ஐந்து பேருக்குக் கொடுத்த ஒரு கிலோ பாக்கெட்டில் 575. ஆக 5,242 ரூபாய். கட்டணச் சேவை பிடித்துக்கொண்ட சில்லறை தனி, ரத்து செய்தாலும் அதைத் திருப்பித் தரவில்லை.

கோப்பில் ஒரு பத்தி புதிதாகச் சேர்த்திருக்கிறோம். B பத்தியில் கிராம், C பத்தியில் விலை. ஒரு கிராமுக்கு என்ன விலை ஆகிறது என்று பார்த்து, 40 காசுக்குக் கீழேயோ 80 காசுக்கு மேலேயோ போனால் தடுக்கும்.

```
=IF(OR(C2/B2<0.4, C2/B2>0.8), "நிறுத்து", "சரி")
```

எங்கள் சரியான விலைகள் எல்லாம் 54 காசுக்கும் 70 காசுக்கும் நடுவில் விழுகின்றன. அன்றைய தவறான கோப்பை இதில் போட்டுப் பார்த்தோம், ஐந்து வரிசையும் "நிறுத்து" என்றன. இதற்கும் எல்லை உண்டு. ஒரு கிலோவை 560-க்குப் பதில் 460 என்று போட்டால் 46 காசு, அது பிடிக்காது. அதற்காகத்தான் சந்தைத் தளத்திலேயே ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தபட்ச விலை வைத்தோம், அதற்குக் கீழே போனால் பக்கம் தானாக அணைந்துவிடும். அஞ்சு கிலோவில் ஒருவருக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் விழாது. சனிக்கிழமை ராத்திரி பதிவேற்றம் கிடையாது. ஏற்றியவர் ஒரு மணி நேரம் ஆர்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சூத்திரத்தின் உண்மையான பலவீனம் பூண்டு விலை அசையும்போது தெரியும். தை மாதம் விலை இறங்கியது. புது விலைகளைப் போட்டதும் பெரிய அளவுகள் இரண்டிலும் "நிறுத்து" வந்தது. 0.4-ஐ 0.3 ஆக்கினால் அது "சரி" ஆகிவிடும், ஒரு நொடி வேலை. ஆனால் அன்றைய தவறில் 500 கிராமும் ஒரு கிலோவும் 32 காசு, 30 காசு அளவில்தான் இருந்தன. 0.3 என்று மாற்றினால் அந்த இரண்டு வரிசையும் "சரி" என்று போய்விடும். பையன் மாற்றவில்லை. வில்பட்டிப் பக்கம் பூண்டு பார்க்கப் போயிருந்த என்னை அழைத்து, "மாமா, எல்லைய எவ்வளவுக்கு இறக்கட்டும்?" என்றான். நான் திரும்பி வந்து, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து 0.36 என்று வைத்தோம்.